பால் குளிரூட்டும் தாங்கி: மட்டக்களப்பு வாவிப் பகுதிக் கிராமச் சங்கத்தில் மின்சுமையும் அன்றாடச் செலவும்

பால் குளிரூட்டும் தாங்கி என்பது, ஒரு கிராமத்துக் கறவைக்காரர்கள் கொண்டுவரும் பாலைச் சேர்த்து 4 பாகை செல்சியஸுக்கு இறக்கி, பவுசர் வந்து ஏற்றும்வரை அந்தக் குளிரிலேயே வைத்திருக்கும் துருப்பிடிக்காத உருக்குத் தாங்கியாகும். தாங்கியின் அடித்தட்டுக்குக் கீழே குளிர்வாயு ஓடும் குழாய்கள் இருக்கும். வெளியே கொம்பிரசரும் விசிறியுடன் கூடிய கொண்டென்சரும் நிற்கும், மேலே கலக்கி மெதுவாகச் சுழலும். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், இத்தாங்கிக்குத் தனித் தேவை உண்டு. மாடுகள் வயலையும் மேய்ச்சல் தரையையும் ஒட்டி மேற்கில் நிற்கின்றன, பிரதான வீதியும் நகரமும் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் இருக்கின்றன. மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்ட பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக் கானுக்கு வழி குறுகியது. ஆனாலும் பட்டியில் கறந்த பால் மோட்டார் சைக்கிளில் ஏறி, வெயிலில் ஓடி, தரம் பார்க்கும் மேசைக்கு வரும்போது இன்னமும் கறந்த சூட்டிலேயே இருக்கும்.

தாங்கி வாங்கும் சங்கம் முதலில் கேட்பது "எத்தனை லீற்றர்?" என்ற கேள்வி. மின்சுமையையும் செலவையும் தீர்மானிப்பது அந்த ஒரு எண் மட்டுமல்ல. கொம்பிரசர் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதைப் பாலை எத்தனை மணித்தியாலத்தில் குளிராக்க வேண்டும் என்பது சொல்லும். மீற்றரில் எத்தனை அலகு ஓடும் என்பதை எத்தனை லீற்றரை எத்தனை பாகை இறக்குகிறோம் என்பது சொல்லும். இவை இரண்டும் வெவ்வேறு கணக்குகள். ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டால் தாங்கித் தெரிவும் மின்னிணைப்பும் சேர்ந்தே பிழைத்துப் போகும்.

ஒரு லீற்றர் பாலின் வெப்பம்

ஒரு லீற்றர் பால் ஏறக்குறைய 1.03 கிலோகிராம். ஒரு கிலோகிராம் பாலை ஒரு பாகை குளிராக்க 3.9 கிலோயூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். 35 பாகையில் வந்த பாலை 4 பாகைக்குக் கொண்டுவருவது 31 பாகை இறக்கம். மூன்றையும் பெருக்கினால் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 125 கிலோயூல் வரும், அதாவது 34.6 வாற்று-மணி. ஆயிரம் லீற்றருக்கு 34.6 கிலோவாற்று-மணி வெப்பம்.

இது வெப்பத்தின் அளவு, மீற்றரில் ஓடும் அலகு இதைவிடக் குறைவு. கொம்பிரசர் வெப்பத்தை உண்டாக்குவதில்லை, பாலிலிருந்து எடுத்து வெளிக்காற்றில் கொட்டுகிறது. மட்டக்களப்பின் சூட்டில் ஒழுங்காகப் பராமரிக்கப்படும் சிறு கொம்பிரசர், விசிறியையும் சேர்த்து, ஓர் அலகு மின்சாரத்துக்கு இரண்டு அலகுக்குச் சற்று மேலான வெப்பத்தை அகற்றும். குளிர்நாட்டில் இந்த விகிதம் நன்றாக உயரும். ஆகவே ஐரோப்பிய விற்பனைத் தாளில் அச்சிட்ட செலவுக் கணக்கை இங்கே அப்படியே எடுக்க முடியாது.

தாங்கியில் எழுதியிருக்கும் ஆயிரம்

பால் தாங்கிகளுக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 5708. இந்தியாவிலும் இலங்கையிலும் கிராம மட்டத்தில் அதிகம் காணப்படுவது அத்தரநிலையின் இருகறவை, பி வகுப்பு, இரண்டாம் தரத் தாங்கி. ஒரு தடவையில் தாங்கியின் கொள்ளளவில் பாதி மட்டுமே சூட்டுப் பாலாக வரும், மறுபாதி முந்திய கறவையில் ஏற்கனவே குளிர்ந்து கிடக்கும் என்பதே "இருகறவை" என்பதன் கணக்கு. "பி வகுப்பு" என்றால் 32 பாகை வெளிக்காற்றில் சோதிக்கப்பட்டு, 38 பாகைவரை பழுதின்றி ஓட வேண்டியது. "இரண்டாம் தரம்" என்றால் அந்தப் பாதிப் பாலை 35 பாகையிலிருந்து 4 பாகைக்கு மூன்று மணித்தியாலத்தில் இறக்க வேண்டும்.

ஆயிரம் லீற்றர்த் தாங்கிக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். பாதி என்றால் 500 லீற்றர், அதன் வெப்பம் 17.3 கிலோவாற்று-மணி. மூன்றால் வகுத்தால் குளிரூட்டும் வலு 5.8 கிலோவாற்று. அதற்குக் கொம்பிரசரும் விசிறியும் சேர்ந்து இழுப்பது சுமார் 2.8 கிலோவாற்று, கலக்கி மோட்டார் இன்னொரு 0.2. மொத்தம் 3 கிலோவாற்று. மூன்று குதிரைவலு வகைக் கொம்பிரசர் என்று பேச்சில் சொல்வது இதைத்தான்.

சிக்கல் மாட்டிலிருந்து தொடங்குகிறது. படுவான்கரையில் பட்டி மாடுகளைப் பெரும்பாலும் காலையில் ஒரு தடவைதான் கறப்பார்கள், மிச்சம் கன்றுக்கு. மாலைப் பால் என்று சொல்லுமளவுக்கு ஒன்றும் வராது. ஆகவே ஆயிரம் லீற்றரும் ஒரே காலையில் வந்தால், 500 லீற்றருக்கென்று அமைந்த கொம்பிரசர் ஆறு மணித்தியாலம் ஓட வேண்டும். ஏழு மணிக்குத் தொடங்கினால் 4 பாகையைத் தொடும்போது மதியம் ஒரு மணி. அதற்குள் தாங்கியின் பால் 10 பாகைக்கு மேலே சில மணித்தியாலங்கள் கிடந்துவிடும். கொம்பிரசர் பழுதாகவில்லை, திருத்துபவரிடமும் குறை இல்லை. தட்டில் எழுதியிருக்கும் ஆயிரம், ஒருகறவைக் கிராமத்தில் ஐந்நூறுதான் என்பதே காரணம். விற்பவர் இதைத் தானாகச் சொல்வது அரிது.

இதைத் தீர்க்க வேண்டுமானால் அதே தாங்கிக்கு இரட்டிப்பு வலுவுள்ள குளிரூட்டும் தொகுதியைக் கேட்டு வாங்க வேண்டும். அப்போது மின்சுமை 3 கிலோவாற்றிலிருந்து 5.8க்கு ஏறும், ஓடும் நேரம் பாதியாகும், அலகு ஏறக்குறைய மாறாது. பில் கூடிவிடும் என்று பயந்து சிறிய கொம்பிரசரைத் தெரிவுசெய்யும் சங்கம் பில்லில் எதையும் மிச்சம் பிடிப்பதில்லை. இழப்பது பாலின் தரத்தைத்தான்.

இணைப்பு தாங்குமா?

கிராமத்தில் எளிதாகக் கிடைப்பது 230 வோல்ற்று, 30 அம்பியர் ஒருகட்ட இணைப்பு. 3 கிலோவாற்றுத் தொகுதி ஓடும்போது சுமார் 15 அம்பியர் இழுக்கும். அதே நேரத்தில் கழுவுவதற்கு 2 கிலோவாற்று வெந்நீர்க் கம்பியைப் போட்டால் இன்னொரு 9 அம்பியர். கிணற்று மோட்டாரும் ஓடினால் மேலும் 5 அம்பியருக்கு மேல். கூட்டினால் 30இன் விளிம்பு. காலையில் கான் கழுவும் நேரமும் கொம்பிரசர் முழுமூச்சாக ஓடும் நேரமும் ஒன்றாக இருப்பதால் பிரதான ஆளி அடிக்கடி விழுவது அப்போதுதான். வெந்நீரைப் பால் வரமுன் கொதிக்கவைத்து மூடி வைத்தால் ஒரு சதமும் செலவில்லாமல் இது தீரும். இரட்டிப்பு வலுத் தொகுதி தனியாகவே 30 அம்பியர் இழுக்கும். அதற்கு மூன்றுகட்ட இணைப்பு வேண்டும், அங்கே ஒரு கட்டத்துக்கு 10 அம்பியரே போகும்.

தொடக்க இழுவை வேறு விடயம். கொம்பிரசர் கிளம்பும் கணத்தில் ஓடும் அம்பியரைப்போல நான்கு முதல் ஆறு மடங்கு இழுக்கும். மின்கம்பி வரிசையின் கடைசியில் நிற்கும் கட்டடத்தில் இதனால் வோல்ற்றளவு சட்டென்று விழும். இலங்கையில் சட்டப்படி 230இலிருந்து 6 வீதம்வரை ஏறி இறங்கலாம், அதாவது 216 முதல் 244 வரை. 190க்கு விழுந்தால் ஒருகட்டக் கொம்பிரசர் கிளம்ப முடியாமல் முனகி, சூடேறி, பாதுகாப்பு ஆளியால் நிற்கும். மின்சாரம் போய் உடனே வருவது இன்னும் கெட்டது. குழாயில் அழுத்தம் சமப்படாமல் கொம்பிரசர் சுமையோடு கிளம்ப முயலும். மூன்று முதல் ஐந்து நிமிடம் தாமதித்துத் தொடக்கும் நேர ஆளி ஒன்று இருந்தால் சுருள் எரிவது பெரும்பாலும் தவிரும். தாங்கியோடு அது வந்திருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

அறுநூறு லீற்றர் நாள்

காலையில் 600 லீற்றர் வரும் ஒரு சங்கத்தையும், மேலே சொன்ன ஆயிரம் லீற்றர் சாதாரணத் தாங்கியையும் எடுத்துக்கொள்வோம். அகற்ற வேண்டிய வெப்பம் 20.8 கிலோவாற்று-மணி. 5.8 வலுவால் வகுத்தால் 3.6 மணித்தியாலம். கொம்பிரசரும் விசிறியும் 10.1 அலகு, கலக்கி 0.7 அலகு.

பிறகு அடுத்த நாள் பவுசர் வரும்வரை பிடித்து வைத்தல். நல்ல காப்புள்ள தாங்கியில் நிறைய பால் இருந்தால் ஐந்து மணித்தியாலத்துக்கு ஒரு பாகைக்கு மேல் ஏறாது. கொம்பிரசர் இடையிடையே சிறிது ஓடி அதை மீட்கும், கலக்கியும் மணிக்கொரு தரம் சில நிமிடம் சுழலும். இதற்கெல்லாம் 1.6 அலகு போதும். கழுவுவதற்கு 40 லீற்றர் தண்ணீரை 30 பாகையிலிருந்து 65க்கு ஏற்ற 1.6 அலகு, கிணற்று மோட்டாருக்கு 0.4, விளக்குக்கும் பால் சோதிக்கும் கருவிக்கும் 1 அலகு. மொத்தம் 15.4 அலகு, அதாவது லீற்றருக்கு 26 வாற்று-மணி.

ரூபாவாக்க ஒரு விலை வேண்டும். மின்கட்டணம் அண்மை ஆண்டுகளில் நிலையாக இருந்ததில்லை. 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறியது. இடையிடையே குறைந்து, 2025 ஜனவரியில் மேலும் 20 வீதம் இறங்கி, அதே ஆண்டு ஜூனில் 15 வீதம் திரும்ப ஏறியது. எனவே சங்கத்தின் கொப்பியில் அலகை எழுதிவைப்பதே உறுதியான கணக்கு, ரூபாவை அவ்வப்போதைய பில்லிலிருந்து போட்டுக்கொள்ளலாம். இங்கே கணக்குக்காக அலகு 25 ரூபா என்று கொண்டால் நாளுக்கு 385 ரூபா, லீற்றருக்கு 64 சதம். இணைப்பு எந்தப் பிரிவில் பதியப்பட்டுள்ளது என்பதையும் பில்லில் பார்க்க வேண்டும். மாதம் 460 அலகு ஓடும் இந்தச் சங்கம் பொதுநோக்குப் பிரிவில் 180 அலகு எல்லையையும், கைத்தொழில் பிரிவில் 300 அலகு எல்லையையும் தாண்டிவிடும். இரண்டிலும் எல்லைக்கு மேலே அலகின் விலை வேறு.

64 சதம் பெரிய தொகை அல்ல. தாங்கியைப் பார்க்கும் பொறுப்பாளருக்கு நாளுக்கு 2,000 ரூபா கொடுப்பதாக வைத்தால், அதுவே லீற்றருக்கு 3 ரூபா 33 சதம். கூட்டத்தில் வாதாடுவது என்னவோ கரன்ட் பில்லைப் பற்றித்தான்.

கச்சான் காலம்

பாலின் வரவு ஆண்டு முழுதும் ஒரே அளவாக இருப்பதில்லை. பெரும்போக வேளாண்மை தொடங்கும்போது மாடுகளை வயலிலிருந்து விலக்கி, மாவட்டத்தின் மேற்கு எல்லையிலுள்ள மயிலத்தமடு, மாதவனை போன்ற தூரத்து மேய்ச்சல் தரைகளுக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கிருந்து வாவிக் கரைக்குப் பால் வருவது எளிதல்ல. வரட்சி உச்சத்தில் புல்லும் தண்ணீரும் குறைந்து பாலும் வற்றும். அப்போது 600 லீற்றர் 150 ஆகலாம்.

குளிராக்கும் அலகு பாலோடு சேர்ந்து குறைந்து 2.7க்கு வரும். பிடித்து வைக்கும் அலகு குறையாது, தாங்கியின் சுவரும் வெளிச்சூடும் அதேதான். கழுவும் தண்ணீரும் விளக்கும் அப்படியே. மொத்தம் 7.3 அலகு, 183 ரூபா. ஆனால் லீற்றருக்கு 1 ரூபா 22 சதம், முன்னதன் ஏறத்தாழ இரட்டிப்பு. பொறுப்பாளர் சம்பளத்தைச் சேர்த்தால் லீற்றருக்கு 14 ரூபாவைத் தாண்டும். பால் இன்னும் குறைந்து கலக்கியின் இலை தொடாத மட்டத்துக்குப் போனால் வேறொரு கேடு உண்டு. அடித்தட்டில் பால் உறைந்து பனிப்படலம் பிடிக்கும், அதனால் கொழுப்பு பிரிந்து பரிசோதனையில் அளவு தவறும். இதனால்தான் ஆயிரம் லீற்றர் ஒன்றைவிட ஐந்நூறு லீற்றர் இரண்டு வாவிப் பகுதிக்குப் பொருத்தம் என்று தோன்றுகிறது. விலை சற்றுக் கூடும். ஆனால் வற்றிய மாதங்களில் ஒன்றை முழுதாக நிறுத்தி வைக்கலாம், ஒன்று பழுதானாலும் மற்றது நிற்கும்.

கச்சான் காற்று இன்னொரு பக்கத்தால் செலவைக் கூட்டும். மேற்கிலிருந்து மலையைத் தாண்டி இறங்கி வரும் அந்தக் காய்ந்த சூட்டுக் காற்று, வயல் தூசியையும் வைக்கோல் துகளையும் கொண்டுவந்து கொண்டென்சரின் மெல்லிய தகடுகளில் அப்பிவிடும். வாவியோரத்து உப்புக் காற்று அதே அலுமினியத் தகடுகளைப் பொடியாக்கும். கொண்டென்சரின் சூடு ஒரு பாகை ஏறினால் கொம்பிரசரின் செலவு இரண்டு முதல் மூன்று வீதம் கூடும். தகரக் கூரைக்குக் கீழே, சுவரை ஒட்டி, சூட்டுக் காற்று திரும்பத் திரும்ப உள்ளிழுக்கும்படி வைத்தால் ஆறு பாகை ஏறுவது பெரிய விடயமல்ல. அப்படியானால் 600 லீற்றர் நாளில் ஒன்றரை அலகு வீண், கூடவே குளிராகும் நேரமும் நீளும். தென்னோலைக் கொட்டிலாவது போட்டு, காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும்படி விடுவதே மலிவான திருத்தம்.

கரன்ட் போகும் காலை

2022 மார்ச் இறுதியில் நாடு முழுதும் ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. அந்த நிலை இப்போது இல்லை, ஆனாலும் கிராமத்தில் மரக்கிளை விழுந்து அரை நாள் போவது உண்டு. எந்த நேரத்தில் போகிறது என்பதே முக்கியம். பால் 4 பாகையைத் தொட்ட பிறகு இரவில் நாலு மணித்தியாலம் போனால் ஏறுவது ஒரு பாகைக்குள், அதற்கு ஜெனரேற்றரை ஓட்டுவது டீசலை வீணாக்குவதாகும். காலை எட்டு மணிக்குப் போனால் உடனே ஓட்ட வேண்டும், ஏனென்றால் 30 பாகையில் கிடக்கும் பாலில் கிருமி மிக விரைவாகப் பெருகும்.

தொடக்க இழுவையைத் தாங்க 3 கிலோவாற்றுத் தொகுதிக்கும் 10 கேவிஏ அளவான ஜெனரேற்றர் தேவை. அது ஓடும்போது பாதிச் சுமைகூட இருக்காது, ஆகவே டீசல் செலவு சாதகமாக அமையாது: மணிக்கு ஒன்றரை லீற்றர் என்று கொள்ளலாம். 3.6 மணித்தியாலத்துக்கு 5.4 லீற்றர், லீற்றர் 300 ரூபா என்றால் 1,620 ரூபா. மின்சாரத்தில் அதே வேலைக்கு 270 ரூபா. டீசலில் லீற்றர் பாலுக்கு 2 ரூபா 70 சதம். பால் முழுதும் புளித்துத் திரும்புவதோடு ஒப்பிட்டால் மலிவு, நாள்தோறும் ஓட்டுவதென்றால் தாங்காது.

கரன்ட் நம்ப முடியாத, ஒருகட்ட இணைப்பு மட்டுமே உள்ள ஊருக்குப் பனிக்கட்டி வகைத் தாங்கியைப் பற்றி யோசிப்பது நல்லது. சிறு கொம்பிரசர் ஒன்று பிற்பகலும் இரவும் ஓடித் தாங்கியைச் சுற்றியுள்ள தண்ணீரில் பனிக்கட்டி கட்டி வைக்கும், காலையில் அந்தப் பனிக்கட்டி பாலைக் குளிராக்கும். 600 லீற்றருக்கு 225 கிலோகிராம் பனிக்கட்டி போதும். பதினாறு மணித்தியாலத்தில் பரவுவதால் கொம்பிரசரின் சுமை ஒரு கிலோவாற்றுக்குள் அடங்கும். ஆனால் பனிக்கட்டி கட்டக் குளிர்வாயுவை இன்னும் தாழ்ந்த சூட்டுக்கு இறக்க வேண்டியிருப்பதால் 10 அலகு வேலைக்கு 13 அல்லது 14 அலகு ஆகும். காலையில் கரன்ட் இல்லாவிட்டாலும் பால் குளிரும், கலக்கிக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் மட்டும் ஏதாவது வழி வேண்டும்.

கூரைச் சூரியத்தகடு பில்லைக் குறைக்கும், மின்வெட்டைத் தீர்க்காது. மின்சார சபையின் கம்பியோடு இணைந்த சாதாரண இன்வேர்ட்டர், கம்பியில் மின்சாரம் போனவுடன் பாதுகாப்புக்காகத் தானும் நின்றுவிடும். வெளிநாட்டுப் பண்ணைகளில் செய்வதுபோல் கிணற்றுத் தண்ணீரால் பாலை முன்கூட்டியே ஆறவைப்பதும் இங்கே அதிகம் உதவாது. அங்கே நிலத்தடி நீர் 12, 15 பாகை, இங்கே 28 பாகையை ஒட்டியது. 35 பாகைப் பால் 30க்கு வரும், மிச்சம் ஒன்றரை அலகு. அதற்கென்று வாங்கும் தட்டுக் கருவியைக் கழுவும் வேலை அந்த 40 ரூபாவைத் தின்றுவிடும்.

கோளாறை எப்படி அறிவது

தாங்கிக்குத் தனி உபமீற்றர் ஒன்று போட்டு, நாள்தோறும் மூன்று எண் எழுதினால் போதும்: வந்த லீற்றர், ஓடிய அலகு, கடைசிக் கான் ஊற்றியதிலிருந்து 4 பாகையைத் தொட எடுத்த நேரம். 600 லீற்றருக்கு 15 அலகு ஓடிய இடத்தில் 19 ஓடினால், அல்லது நேரம் ஒரு மணித்தியாலம் நீண்டால் ஏதோ கோளாறு தொடங்கியிருக்கிறது. எது என்பதைக் கவ்வி மீற்றர் சொல்லும். நேரம் நீண்டு அம்பியரும் கூடியிருந்தால் கொண்டென்சர் அழுக்கு அல்லது காற்றோட்டம் தடை. தண்ணீரைத் தகட்டின் உட்பக்கத்திலிருந்து வெளிநோக்கி மெதுவாகப் பீச்சிக் கழுவ வேண்டும், வேகமாக அடித்தால் தகடு மடியும். நேரம் நீண்டு அம்பியர் குறைந்திருந்தால் குளிர்வாயு கசிகிறது. கசிவை அடைக்காமல் வாயு மட்டும் நிரப்பிவிட்டுப் போனால், அடுத்த மாதமும் அதே கொப்பியில் அதே எண்ணே வரும். அம்பியரும் நேரமும் சரியாக இருந்து இரவில் மட்டும் அலகு கூடினால் காப்பு நனைந்திருக்கலாம், அல்லது மூடியின் ரப்பர் சுற்று தேய்ந்திருக்கலாம். விடியற்காலையில் தாங்கியின் வெளிச்சுவரைக் கையால் தடவிப் பார்த்தால் ஓரிடத்தில் மட்டும் வியர்த்திருக்கும்.